ஒரே சிவப்புக்குள் மூன்று சிவப்பு

கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் நீண்ட உலோக உறைக்குள் ஒரு லேசர் இருக்கும். சுவிட்சைப் போட்டால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும். அதுதான் ஹீலியம்-நியான் லேசர். உறையின் மேல் ‘632.8 நானோமீட்டர்’ என்று ஒட்டியிருப்பார்கள். பாடப் புத்தகமும் லேசர் ஒளி ஒற்றை நிறம் கொண்டது என்றுதான் சொல்கிறது. பெரும்பாலான வேலைகளுக்கு அந்த விளக்கம் போதும். ஆனால் அந்த ஒளியை, மிக நுண்ணிய அதிர்வெண் வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும் ஃபேப்ரி-பெரோ கருவி வழியாக அலைகாட்டித் திரையில் பார்த்தால் ஒரு கோடு தெரியாது. இரண்டோ மூன்றோ மெல்லிய கோடுகள் சம இடைவெளியில் நிற்கும். அவற்றுக்கு நடுவே உள்ள இடத்தில் ஒளியே இருக்காது.

ஒவ்வொரு கோடும் ஒரு தனி அதிர்வெண். இவற்றை லேசரின் நெடுக்கு மோடுகள் என்கிறார்கள். இவை எங்கிருந்து வந்தன, ஏன் மூன்று, ஏன் முப்பது இல்லை என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல இரண்டு அளவுகள் போதும். ஒன்று, லேசரின் இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள தூரம். மற்றொன்று, உள்ளேயிருக்கும் அணுக்கள் எவ்வளவு அகலமான அதிர்வெண் பரப்பில் ஒளியைப் பெருக்கித் தரும் என்பது.

கண்ணாடிகள் போடும் நிபந்தனை

30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கண்ணாடிகள் எதிரெதிராக இருக்கும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடி ஏறக்குறைய எல்லா ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. மற்றொன்று நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் ஒளியை வெளியே விடுகிறது. நாம் சுவரில் பார்க்கும் புள்ளி அந்த ஒரு பங்குதான். மீதி ஒளி உள்ளேயே போய்ப் போய் வருகிறது.

ஒரு முறை போய்வர 60 சென்டிமீட்டர். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு விநாடியில் 50 கோடி முறை அது போய்வந்துவிடும்.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். போய்வந்த அலை, புறப்பட்டபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்பி வரவேண்டும். முகட்டில் புறப்பட்டால் முகட்டிலேயே வந்து சேரவேண்டும். அப்படி வந்தால் புதிய அலையும் பழைய அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வலுப்பெறும். கொஞ்சம் பிசகினாலும், அடுத்தடுத்த சுற்றுகளில் அந்தப் பிசகு கூடிக்கொண்டே போய், முகடும் பள்ளமும் மோதி அலை அழிந்துவிடும். ஆகவே ஒரு சுற்றுக்குள் முழு எண்ணிக்கையில் அதிர்ந்து முடிக்கும் அலைகள் மட்டுமே உள்ளே தங்க முடியும்.

நம் சிவப்பு ஒளியின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 473.6 லட்சம் கோடி. 30 சென்டிமீட்டர் குழாயில் ஒரு சுற்றுக்கு அது சுமார் 9.5 லட்சம் முறை அதிர்கிறது. இந்த எண்ணிக்கை முழு எண்ணாக அமைந்தால் அந்த அலை தங்கும். அதற்கு அடுத்துத் தங்கக்கூடிய அலை எது? ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரே ஒரு அதிர்வு கூடுதலாக உள்ள அலை. விநாடிக்கு 50 கோடி சுற்றுகள் என்பதால், அந்த அலை விநாடிக்கு 50 கோடி அதிர்வுகள் கூடுதலாக அதிரும். அதாவது, அடுத்தடுத்த மோடுகளுக்கு இடையிலுள்ள அதிர்வெண் வித்தியாசம் 500 மெகாஹெர்ட்ஸ்.

மோடுகளின் இடைவெளி என்பது ஒளி ஒரு விநாடியில் எத்தனை முறை போய்வருகிறது என்ற எண்ணிக்கையேதான். சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

Δν = c / 2L

இதில் c ஒளியின் வேகம், L கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூரம். ஒளியின் நிறமோ வாயுவின் பெயரோ இந்தச் சூத்திரத்தில் இல்லை. கண்ணாடிகளை நெருக்கினால் மோடுகள் விலகும், கண்ணாடிகளை விலக்கினால் மோடுகள் நெருங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அலி ஜவான், வில்லியம் பென்னட், டொனால்ட் ஹெரியட் மூவரும் 1960 டிசம்பரில் இயக்கிக் காட்டிய முதல் வாயு லேசர் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமானது. அதில் ஒளி விநாடிக்குச் சுமார் 15 கோடி முறைதான் போய்வர முடியும். எனவே அதன் மோடுகள் 150 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கமாக இருந்தன. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நமக்குப் பழக்கமான சிவப்பு ஹீலியம்-நியான் லேசர் 1962-இல் வந்தது.

500 மெகாஹெர்ட்ஸ் என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அதை அலைநீள வித்தியாசமாக மாற்றினால் 0.0007 நானோமீட்டர்கூட வராது. அதனால்தான் கண்ணும் சாதாரணப் பட்டகமும் இவற்றை ஒரே சிவப்பாகக் காண்கின்றன.

அணுக்கள் செய்யும் தேர்வு

கண்ணாடிகளை மட்டும் கேட்டால், 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, சீப்பின் பற்களைப் போல, முடிவில்லாமல் மோடுகளை அனுமதிக்கும். பச்சையிலும் நீலத்திலும்கூட அந்தப் பற்கள் இருக்கும். ஆனால் அனுமதி இருந்தால் மட்டும் ஒளி வந்துவிடாது. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடி வழியாக வெளியேறும் ஒளியையும், சிதறி வீணாகும் ஒளியையும் யாராவது ஈடுகட்டவேண்டும். அந்த வேலையைச் செய்பவை கிளர்ச்சியூட்டப்பட்ட நியான் அணுக்கள். தங்களைக் கடந்துபோகும் ஒளியால் தூண்டப்பட்டு, அதே போன்ற ஒளியை உமிழ்ந்து அதை அவை பெருக்குகின்றன.

ஒரு நியான் அணு அசையாமல் நின்றால், அது உமிழும் அதிர்வெண் மிகக் குறுகிய பரப்புக்குள் அடங்கியிருக்கும். ஆனால் குழாய்க்குள் எந்த அணுவும் நிற்பதில்லை. சூடான வாயுவில் அவை விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஒலி கூர்மையாகவும் விலகிப் போகும் ரயிலின் ஒலி தாழ்ந்தும் கேட்கக் காரணமான டாப்ளர் விளைவு இங்கேயும் வேலை செய்கிறது. ஒளியை எதிர்கொண்டு ஓடும் அணு ஒரு அதிர்வெண்ணைப் பெருக்கும். அதே திசையில் விலகி ஓடும் அணு வேறொரு அதிர்வெண்ணைப் பெருக்கும். எல்லா அணுக்களையும் சேர்த்துப் பார்த்தால், பெருக்கத் திறன் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு மேடாக அமைகிறது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரில் இந்த மேட்டின் அகலம், பாதி உயரத்தில் அளந்தால், சுமார் 1500 மெகாஹெர்ட்ஸ். இதைத்தான் பெருக்கப் பட்டை அகலம் என்கிறோம்.

ஹீலியம்-நியான் வாயு பெரிய பெருக்கி அல்ல. 30 சென்டிமீட்டர் குழாயை ஒரு முறை கடந்தால் ஒளி சில சதவீதம் மட்டுமே கூடும். அதனால்தான் அதன் கண்ணாடிகள் அவ்வளவு தரமாக இருக்கவேண்டியிருக்கிறது. இழப்பு எவ்வளவோ அந்த உயரத்தில் மேட்டின் குறுக்கே ஒரு கிடைக்கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள பகுதியில் எந்தெந்த மோடுகள் விழுகின்றனவோ அவை மட்டுமே லேசராக வெளிவரும். மற்றவை, கண்ணாடிகளின் நிபந்தனைக்குப் பொருந்தினாலும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து தேய்ந்துவிடும்.

இனி கணக்கு எளிது. மேட்டின் அகலம் 1500, மோடு இடைவெளி 500. வகுத்தால் 3. திரையில் பார்த்த மூன்று கோடுகளின் காரணம் இதுதான். இது தோராயமான விடை. கோட்டுக்கு மேலே நிற்கும் பகுதியின் உண்மையான அகலம், பெருக்கம் எவ்வளவு இழப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து 1500-ஐவிடக் குறையவோ கூடவோ செய்யும். ஆகவே இரண்டு, மூன்று, சில நேரம் நான்குகூட வரலாம். கண்ணாடியில் தூசு படிந்து இழப்பு கூடினால் கிடைக்கோடு மேலேறும், ஓரத்து மோடு முதலில் அணையும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். நடுவிலுள்ள மோடுக்குத்தான் பெருக்கம் அதிகம் என்றால், அது மற்றவற்றின் பங்கையும் சேர்த்து விழுங்கி, தான் மட்டும் நிற்கவேண்டாமா? எல்லா அணுக்களும் எல்லா மோடுகளுக்கும் பொதுவாக இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு மோடும் தனக்குரிய வேகத்தில் ஓடும் அணுக்களிடம் மட்டுமே ஆற்றலைப் பெறுகிறது. 500 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் அடுத்த மோடுக்கு ஆற்றல் தருபவை வேறு வேகத்தில் ஓடும் வேறு அணுக்கள். ஒரு மோடு தன் பங்கை எடுத்துக்கொள்ளும்போது, மேட்டில் அதன் அதிர்வெண் உள்ள இடத்தில் மட்டும் ஒரு குழி விழுகிறது. மேட்டின் மற்ற இடங்கள் அப்படியே இருக்கின்றன. பென்னட் 1962-இல் இதை விளக்கினார். அதனால்தான் மூன்று மோடுகளும் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்ந்து வாழ்கின்றன.

குழாய் சூடாகும்போது

இந்த மோடுகளைப் பார்க்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. ஒரு போலராய்டுத் தகடும், ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடும், அதன் மின்னோட்டத்தைப் படிக்க ஒரு மல்டிமீட்டரும் போதும். கதிரை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

சுவிட்சைப் போட்டதும் குழாய் சூடாகத் தொடங்கும், சூடாக ஆக நீளும். குழாய்களுக்குப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடி ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 3.3 பங்கு நீளும். 30 சென்டிமீட்டர் குழாய் என்றால் டிகிரிக்கு ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒளிக்கு இது மிகப் பெரிய மாற்றம். கண்ணாடிகள் அரை அலைநீளம், அதாவது 0.316 மைக்ரோமீட்டர் விலகினாலே, சீப்பு முழுவதும் ஒரு பல் இடைவெளி நகர்ந்துவிடும். ஒரு டிகிரி சூட்டுக்கு மூன்று பற்கள் நகர்கின்றன.

பெருக்க மேடு நகர்வதில்லை, அது நியான் அணுவுக்குச் சொந்தமானது. அதன் கீழே சீப்பு மட்டும் நகர்கிறது. குழாய் நீள நீள ஒவ்வொரு மோடின் அதிர்வெண்ணும் குறையும். எனவே மேட்டின் உயர் அதிர்வெண் பக்கத்தில் ஒரு புதிய மோடு மெல்ல ஒளிர்ந்து எழும். அது நடுவை நோக்கி நகர்ந்து வலுவாகும், பிறகு தாழ் அதிர்வெண் பக்கத்தில் மங்கி அணையும். அது அணையும் நேரத்தில் மறுபக்கத்தில் அடுத்தது எழுந்திருக்கும்.

மொத்த ஒளியை மட்டும் அளந்தால் இந்தப் போக்குவரத்து அவ்வளவாகத் தெரியாது. ஒன்று மங்கும்போது இன்னொன்று எழுவதால் கூட்டுத்தொகை பெரிதாக மாறாது. போலராய்டு உதவுவது இங்கேதான். கண்ணாடிகள் குழாயின் முனைகளிலேயே ஒட்டப்பட்ட சாதாரணக் குழாய்களில், அடுத்தடுத்த மோடுகளின் மின்புலம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அதிர்கிறது. ஒன்று கிடையாக என்றால் அடுத்தது நெடுவாக. போலராய்டை அந்தத் திசைகளில் ஒன்றுக்கு நேராக வைத்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக மோடுகள் மட்டும் கடந்து வரும். இப்போது மீட்டர் முள் ஏறி இறங்கத் தொடங்கும். முதலில் சில விநாடிகளுக்கு ஒரு முறை ஏறி இறங்கும். குழாய் முழுச் சூட்டை நெருங்க நெருங்க ஏற்ற இறக்கம் மெதுவாகி, ஒரு சுற்றுக்கு நிமிடக்கணக்கில் ஆகும்.

ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்குச் சீப்பு இரண்டு பற்கள் நகரவேண்டும். குழாய் ஒரு முழு அலைநீளம், அதாவது 0.633 மைக்ரோமீட்டர் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். முள் 40 முறை ஏறி இறங்கியது என்று வைத்துக்கொண்டால், குழாய் சுமார் 25 மைக்ரோமீட்டர் நீண்டிருக்கிறது. டிகிரிக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்ற கணக்கில், அதன் வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி உயர்ந்திருக்கிறது.

முள் அசையாமல் நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். போலராய்டு இரண்டு திசைகளுக்கும் நடுவில் 45 டிகிரியில் நின்றால் எல்லா மோடுகளும் சமமாகக் கடந்து வரும், ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் அது திரும்பக் கிடைக்கும். போலராய்டைத் திருப்பும்போது ஒரு கட்டத்தில் ஒளி முழுவதுமே அணைந்துபோனால், அது எல்லா மோடுகளும் ஒரே திசையில் அதிரும்படி சாய்ந்த கண்ணாடிச் சன்னல் வைத்துச் செய்த லேசர். அந்த லேசரில் இந்தச் சோதனை பலிக்காது.

மூன்று மோடுகளால் வரும் சிக்கல்

சுவரில் புள்ளி விழவைப்பதற்கும், விளிம்புவிளைவுச் சோதனைக்கும் மோடு ஒன்றா மூன்றா என்பது பொருட்டே இல்லை. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு தூரம் ஓடவிட்டு, மீண்டும் சேர்த்துக் குறுக்கீட்டு வரிகளைப் பார்க்கும் வேலைகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஹாலோகிராம் எடுப்பதும் நுண்ணிய தூரங்களை அளப்பதும் இந்த வகை.

லேசரில் சம வலிமையுள்ள இரண்டு மோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனக்குரிய கறுப்பு வெள்ளை வரிகளை உண்டாக்கும். இரண்டு கதிர்களும் சம தூரம் ஓடியிருந்தால் இரண்டு வரித் தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும், வரிகள் பளிச்சென்று தெரியும். ஒரு கதிர் 30 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடினால், 500 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசமுள்ள இரண்டு அலைகளுக்கும் இடையே சரியாக அரை அதிர்வு வித்தியாசம் வந்துவிடும். ஒன்றின் வெள்ளை வரி மற்றதன் கறுப்பு வரிமேல் விழும், வரிகளே காணாமல் போகும். இன்னும் 30 சென்டிமீட்டர் கூட்டி, வித்தியாசத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கினால் வரிகள் பழையபடி தோன்றும்.

பாதை வித்தியாசம் குழாயின் நீளத்துக்குச் சமமாகும்போது வரிகள் மறைவதும், அதன் இருமடங்கில் மீள்வதும் பல மோடுகள் இருப்பதற்கு அடையாளம். ஆகவே ஹாலோகிராம் எடுப்பவர்கள் இரண்டு பாதைகளையும் சமமாக அமைப்பார்கள், அல்லது வித்தியாசத்தைக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் இருமடங்குக்கு அருகில் வைப்பார்கள்.

ஒரே மோடு வேண்டுமென்றால்

நேரான வழி, குழாயைக் குட்டையாக்குவது. கண்ணாடிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்றால் மோடு இடைவெளி 1500 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். நடுவில் ஒன்று நின்றால், அடுத்தவை இரண்டும் மேட்டின் அடிவாரத்துக்குப் போய், இழப்புக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். ஆனால் இதற்கு விலை உண்டு. குட்டைக் குழாயில் வாயு குறைவு, அதனால் ஒளியும் குறைவு. தவிர, சூட்டால் சீப்பு நகரும்போது அந்த ஒற்றை மோடும் ஓரத்துக்குப் போகும். அப்போது ஒளி கண்ணுக்குத் தெரியும்படி மங்கும், அல்லது ஓரங்களில் இரண்டு மோடுகள் ஒரே நேரத்தில் எரியும்.

இன்னொரு வழி, மோடுகள் செங்குத்தாக அதிரும் அதே குணத்தைப் பயன்படுத்துவது. இரண்டு மோடுகள் மட்டும் எரியும் குழாயை எடுத்து, அவற்றைத் திசைவாரியாகப் பிரித்துத் தனித்தனி ஃபோட்டோடயோடுகளில் விழச்செய்கிறார்கள். இரண்டும் சம அளவில் இருந்தால், அவை மேட்டின் நடுவுக்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்கின்றன என்று பொருள். ஒன்று கூடி மற்றது குறைந்தால் குழாய் நீண்டிருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது. உடனே குழாயைச் சுற்றியுள்ள சூடேற்றும் கம்பியின் மின்னோட்டத்தைச் சுற்று தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும். வெளியே விடும்போது போலராய்டு ஒரு மோடைத் தடுத்துவிடும். துல்லியமாக நீளம் அளக்கும் கருவிகளுக்கு இப்படி நிலைப்படுத்திய லேசர்கள் பயன்படுகின்றன.

நீண்ட குழாயும் வேண்டும், ஒற்றை மோடும் வேண்டும் என்றால் எட்டலான் என்னும் சிறு கண்ணாடித் தகட்டை உள்ளே வைப்பார்கள். ஆர்கான் லேசர்களில் இது வழக்கம். தகட்டின் இரண்டு பரப்புகளும் தாமே ஒரு குட்டிக் கண்ணாடி ஜோடியாக இருந்து, அகன்ற இடைவெளியில் சில அதிர்வெண்களை மட்டும் இழப்பில்லாமல் விடும். பெரிய ஜோடியும் குட்டி ஜோடியும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் மோடு மட்டும் பிழைக்கும்.

இதே கணக்கு மற்ற லேசர்களுக்கும் பொருந்தும். குறைகடத்தி லேசர் சில்லு கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் நீளம்தான். அதன் மோடுகள் நூறு கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு விலகி நிற்கின்றன. அப்படியும் பல மோடுகள் எரியலாம், ஏனெனில் அதன் பெருக்க மேடு அதைவிடப் பல மடங்கு அகலம். கண்ணாடிகள் நெருக்கமாக இருப்பதை மட்டும் வைத்து ஒற்றை மோடு என்று முடிவு செய்துவிடக் கூடாது.

லேசர் வாங்கும்போதோ சோதனையில் பயன்படுத்தும்போதோ, அலைநீளத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கண்ணாடிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், பெருக்கப் பட்டை எவ்வளவு அகலம் என்று இரண்டையும் கேளுங்கள். ஒளியின் வேகத்தை அந்தத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் மோடு இடைவெளி வரும், பட்டை அகலத்தை அதனால் வகுத்தால் மோடுகளின் எண்ணிக்கை தோராயமாக வரும். விடை ஒன்றைத் தாண்டினால், சோதனையில் பாதைகளைச் சமமாக வையுங்கள், அல்லது ஒற்றை மோடு லேசரைத் தேடுங்கள்.